சிறுநீர் எரிச்சலும் சீழும்: எந்தச் சோதனைகளைக் கேட்டு வாங்குவது, அவளும் மருந்து எடுக்க வேண்டுமா?

சிப்புட்_தெற்கு எழுதியது:

வணக்கம். நான் சுங்கை சிப்புட் பகுதியில் ஓர் எண்ணெய்ப்பனை ஆலையின் பட்டறையில் வேலை செய்கிறேன். வயது இருபத்தேழு, திருமணம் ஆகவில்லை. அண்மையில் ஒரு பெண்ணுடன் பழக்கம் ஏற்பட்டு, ஒருமுறை ஆணுறை இல்லாமல் உறவு கொண்டோம். ஐந்தாம் நாள் காலையில் சிறுநீர் கழிக்கும்போது ஊசி குத்துவதைப் போல எரிந்தது. மறுநாள் உள்ளாடையில் மஞ்சள் கறை இருந்தது. அழுத்தினால் நுனியிலிருந்து கெட்டியான சீழ் வந்தது.

பட்டணத்தில் உள்ள ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினேன். சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்துப் பார்த்துவிட்டு, ‘சிறுநீர்த் தொற்று’ என்று சொல்லி சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை கொடுத்தார்கள். புதிய உறவைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் கூச்சத்தால் சொல்லவில்லை. மாத்திரை முடிந்துவிட்டது; எரிச்சல் சற்றுக் குறைந்திருக்கிறது, சீழ் மட்டும் நிற்கவில்லை.

அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆகவே நோய் என்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்கிறாள். நான் எந்தெந்தச் சோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும்? ஒன்றும் இல்லாத அவளும் சிகிச்சை எடுக்க வேண்டுமா? அரசாங்க கிளினிக்கின் முகப்பில் எங்கள் உறவுக்காரர் ஒருவர் வேலை செய்கிறார் என்பதால் அங்கே போகத் தயக்கமாக இருக்கிறது.

கம்பத்து_மணி எழுதியது:

தம்பி, இதற்கெல்லாம் பயப்படாதீர்கள். டுரியான் காலத்தில் எனக்கும் இப்படித்தான் ஆனது. உடம்பில் சூடு ஏறினால் நீர்க்கடுப்பு வரும். நாளுக்கு ஒரு ஜாடி பார்லித் தண்ணீர் குடித்து, கோழியையும் மிளகாயையும் நிறுத்துங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஸ்கேன் எடுங்கள். எனக்குக் கடைசியில் சிறுநீரகத்தில் கல் என்று சொல்லி உடைத்தார்கள்.

பழைய_டிரஸ்ஸர் எழுதியது:

மணி அண்ணே, கல்லினால் எரிச்சல் வரும், சில வேளை இரத்தமும் வரும். நுனியிலிருந்து மஞ்சள் சீழ் வடியாது. பார்லித் தண்ணீர் சிறுநீரை நீர்த்துப் போகச் செய்வதால் எரிச்சல் தணியும், அதனால் குணமாகிறது என்று எண்ணி நாள்களைக் கடத்திவிடுவார்கள். தோட்டத்து மருத்துவமனையிலும் பிறகு அரசாங்கப் பணியிலும் இருந்த காலத்தில் இதை நிறையவே பார்த்திருக்கிறேன்.

தம்பி, இருபது முப்பது வயதில் உள்ள ஆணுக்குச் சாதாரணச் சிறுநீர்த் தொற்று வருவது அரிது. எரிச்சலுடன் சீழும் சேர்ந்து, அதற்குச் சில நாள்களுக்கு முன் புதிய உறவும் இருந்தால், அது சிறுநீர்க்குழாயின் உறவுவழித் தொற்று என்றே முதலில் நினைக்க வேண்டும். இரண்டு பெயர்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கொனோரியா, நம் பெரியவர்கள் வெட்டை என்று சொன்னது பெரும்பாலும் இதுதான். உறவு கொண்ட இரண்டு முதல் ஏழு நாள்களுக்குள் தொடங்கும், கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சீழ் தாராளமாக வரும். மற்றொன்று கிளமிடியா. அது நிதானமாக, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்களில் தலைகாட்டும். சளியைப் போலத் தெளிவான நீர் சொட்டளவே வரும், சிலருக்கு எரிச்சல்கூட இராது. நீங்கள் விவரித்தது கொனோரியாவின் சாயல். ஆனால் கொனோரியா வந்தவரிடம் கிளமிடியாவும் சேர்ந்தே இருப்பது வழக்கமாகக் காண்பது என்பதால், ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தக் கூடாது.

சோதனையில் தவறு நடக்கும் இடம் சிறுநீரைப் பிடிக்கும் முறைதான். சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கு ‘முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுச் சிறுநீரைப் பிடியுங்கள்’ என்பார்கள். உங்களுக்கு நேர்மாறாக முதலில் வரும் சிறுநீர்தான் தேவை. 20 மில்லிலிட்டர் அளவு, சிறிய கிண்ணத்தின் அடிப்பகுதி நிறைந்தால் போதும். கிருமிகள் குழாயின் சுவரில் ஒட்டியிருக்கின்றன. முதல் தாரைதான் அவற்றைக் கழுவிக்கொண்டு வரும். அதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்திருக்க வேண்டும். கிண்ணத்தை நிரம்ப நிரப்பினால் கிருமி நீர்த்துப்போய், இருக்கும் நோய் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

அந்தச் சிறுநீரில் கொனோரியா, கிளமிடியா இரண்டுக்கும் பி.சி.ஆர். வகைச் சோதனை கேளுங்கள். அத்துடன் சீழ் இருப்பதால் நுனியிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்துக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி, உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். வெள்ளை அணுக்களுக்குள் இரட்டை இரட்டையாகக் கொனோரியாக் கிருமி தெரிந்தால், ஆய்வுக்கூடம் அருகில் உள்ள இடத்தில் அன்றைக்கே தெரிந்துவிடும். எந்த மருந்துக்குக் கிருமி அசையும் என்று காண, அதே சீழை வளர்த்துப் பார்ப்பதும் உண்டு. நீங்கள் மாத்திரை எடுத்திருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் அரைகுறை மருந்துக்குப் பிறகு வளர்ப்புச் சோதனை பொய்த்துப் போகலாம்.

சிப்ரோவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் கொனோரியாவுக்கு அதைத்தான் கொடுத்தோம். ஆசியா முழுவதும் அந்தக் கிருமி அம்மருந்துக்குப் பழகிவிட்டதால் இப்போது அதை நம்பிக் கொடுப்பதில்லை. உங்களுக்குச் சீழ் நிற்காததில் வியப்பில்லை.

வடக்கு_நெடுஞ்சாலை எழுதியது:

நான் லோரி ஓட்டுநர். எங்கள் வட்டாரத்தில் இது தெரியாத விஷயமல்ல. அஸித்ரோமைசின் 250 மில்லிகிராம் மாத்திரை நான்கை ஒரே வேளையில் விழுங்கினால் தீரும், அவளுக்கும் நான்கு. இரண்டு பேரும் ஒன்றாக எடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். சோதனைக்கு ஏன் பணத்தைச் செலவழிக்க வேண்டும்? இன்னொன்று, அந்தப் பெண் வெளிநாட்டுத் தொழிலாளி என்றால் ஃபோமெமா பரிசோதனையில் தேறித்தானே இங்கே வேலையில் இருப்பார்? அப்படியானால் அவரிடம் நோய் இருக்க வாய்ப்பில்லை.

பழைய_டிரஸ்ஸர் எழுதியது:

இரண்டு பேரும் எடுக்க வேண்டும் என்ற பாதி முழுச்சரி. மற்றப் பாதியில்தான் சிக்கல். அஸித்ரோமைசின் ஒரு வேளை மருந்து கிளமிடியாவைப் பலருக்குத் தீர்க்கும், கொனோரியாவை நம்பத்தகுந்த அளவில் தீர்க்காது. கொனோரியாவுக்கு செஃப்ட்ரியாக்சோன் என்ற ஊசிதான், தசையில் ஒரே ஒருமுறை. பொதுவாக 500 மில்லிகிராம், சில நாட்டு வழிகாட்டிகளில் 1 கிராம். கிளமிடியாவுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் மாலையும் ஏழு நாள். இப்போது பலரும் இதையே முதலாவதாக வைக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு டாக்சிசைக்ளின் ஆகாது என்பதால் அவர்களுக்கு மட்டும் அஸித்ரோமைசின். நான்கு மாத்திரையை விழுங்கியவருக்குச் சீழ் வற்றி, நோய் உள்ளே தங்கினால், அது விரைப்பையின் பின்புறக் குழாய்க்கு ஏறும். ஒரு பக்கம் வீங்கி, நடக்க முடியாமல் வந்தவர்களைத் தோட்டத்து ஜீப்பிலேயே ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

ஃபோமெமாவில் இரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெப்பட்டைடிஸ் பி, சிபிலிஸ் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். கொனோரியாவுக்கோ கிளமிடியாவுக்கோ அது சான்றாகாது. அதிலும் அது எடுத்த நாளின் நிலவரம் மட்டுமே.

மீனா_கே எழுதியது:

ஐயா, இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு வெள்ளை படுதல் அடிக்கடி வருகிறது. சாம்பல் நிறமாக, மீன் வாடையுடன் இருக்கிறது, மாதவிடாய்க்குப் பிறகு அதிகமாகிறது. கணவரைத் தவிர வேறு தொடர்பு எனக்கு இல்லை. மெட்ரோனிடசோல் கொடுத்தார்கள், நின்றது, மீண்டும் வந்துவிட்டது. இந்த இழையைப் படித்ததிலிருந்து கணவர் மீது சந்தேகமாக இருக்கிறது. அவரும் மருந்து எடுக்க வேண்டுமா?

பழைய_டிரஸ்ஸர் எழுதியது:

அம்மா, நீங்கள் சொல்லும் வாடையும் நிறமும் பெரும்பாலும் பிறப்புறுப்பில் வழக்கமாக வாழும் கிருமிகளின் சமநிலை குலைவதால் வருவது. கணவர் வெளியே போனார் என்பதற்கு அது சாட்சி அல்ல. இதில் கணவருக்குச் சிகிச்சை வேண்டாம் என்றே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆனால் 2025இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், கணவருக்கும் ஒரு வாரம் மாத்திரையும் பூச்சு மருந்தும் கொடுத்தபோது மனைவிக்கு மீண்டும் வருவது குறைந்தது. எல்லா மருத்துவர்களும் இன்னும் அந்தப் பழக்கத்துக்கு மாறிவிடவில்லை. திரும்பத் திரும்ப வருகிறது என்று சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் இன்னொன்று டிரைக்கோமோனாஸ்: நுரைத்த மஞ்சள் பச்சை நீரும் அரிப்பும் வரும். அது உறவின் வழியாகவே பரவுவது, ஆகவே கணவருக்கும் மருந்து கட்டாயம். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, பஞ்சுக்குச்சிச் சோதனை வேண்டும். தயிர்த் திப்பியைப் போல வந்து அரிப்பு மட்டும் இருந்தால் அது பூஞ்சை. அதற்குத் துணைவரைத் தேடத் தேவையில்லை.

சிப்புட்_தெற்கு எழுதியது:

ஐயா சொன்னபடி போய்வந்தேன். உறவுக்காரர் இருக்கும் கிளினிக்கைத் தவிர்த்து ஈப்போ பக்கத்தில் வேறோர் அரசாங்க கிளினிக்குக்குச் சென்றேன். முகப்பில் காரணம் கேட்டபோது ‘ஆண்கள் பிரச்சினை, மருத்துவரிடம் மட்டும் பேச வேண்டும்’ என்றேன், மேற்கொண்டு கேட்கவில்லை. கட்டணம் ஒரு வெள்ளிதான்.

மருத்துவர் பஞ்சுக்குச்சியில் எடுத்தார். முதல் சிறுநீரையும் வாங்கிக்கொண்டார்கள். நான் கிண்ணத்தை நிரப்பப் போனபோது தாதியே நிறுத்தச் சொன்னார். கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கொனோரியா என்றார்கள், பிட்டத்தில் ஊசி போட்டு ஏழு நாளுக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள். கிளமிடியா முடிவு வர நாளாகும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்றார்கள். எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் இரத்தம் எடுத்தார்கள். இப்போதைக்கு இல்லை, மீண்டும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு நாளில் சீழ் நின்றுவிட்டது.

இப்போது பிரச்சினை அவள்தான். ‘எனக்கு ஒன்றுமே இல்லாதபோது நான் ஏன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், நீ எங்கேயோ வாங்கி வந்திருக்கிறாய்’ என்று சண்டை போடுகிறாள். என் மாத்திரையில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிடலாமா?

வடக்கு_நெடுஞ்சாலை எழுதியது:

கொடுத்துவிடு தம்பி. வேலை முடியும், சண்டையும் முடியும்.

பழைய_டிரஸ்ஸர் எழுதியது:

கொடுக்காதீர்கள். ஏழு நாள் மருந்தை மூன்றரை நாளாகப் பிரித்தால் இரண்டு பேருக்கும் தீராது. அவளுக்குத் தேவைப்படும் ஊசியை நீங்கள் போட முடியாது. அவள் கர்ப்பமாக இருக்கிறாளா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று யாராவது கேட்டாக வேண்டும்.

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதை நம்புகிறேன். ஆணின் சிறுநீர்க்குழாய் குறுகலானது. அழற்சி வந்தால் எரியும், சீழ் கண்ணில் படும். பெண்ணுக்கு இந்தக் கிருமிகள் கருப்பை வாயில் தங்குகின்றன. அங்கே எரிச்சல் தெரியாது, கொஞ்சம் நீர் கூடினாலும் வழக்கமானது என்றே தோன்றும். கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலோருக்கும், கொனோரியா வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கும் அறிகுறியே இராது. அது மாதக்கணக்கில் அங்கேயே இருந்து கருக்குழாய்க்கு ஏறினால் குழாய் தழும்பாகி அடைபடும். பிறகு பிள்ளை தங்காமல் போவதும், கரு குழாயிலேயே தங்குவதும் அதன் விளைவு. அடிவயிற்று வலி, உறவின்போது ஆழத்தில் வலி, மாதவிடாய்க்கு இடையில் இரத்தம் ஆகியவை தொடங்கினால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

உங்கள் பக்கக் கணக்கையும் பாருங்கள். ஊசி போட்டவுடன் உங்கள் கிருமி சாகிறது, ஆனால் எதிர்ப்புச் சக்தி எதுவும் உருவாவதில்லை. சிகிச்சை எடுக்காத அவளிடம் அடுத்த வாரம் நீங்கள் திரும்பினால் ஐந்தாறு நாளில் மறுபடியும் அதே எரிச்சல் வரும். மருந்து வேலை செய்யவில்லை என்று வேறு மருந்துக்கு ஓடுவீர்கள். ‘மருந்து பிடிக்கவில்லை’ என்று திரும்பி வந்தவர்களிடம் உட்கார்ந்து பேசினால், பெரும்பாலும் வீட்டில் இன்னொருவர் மருந்து எடுக்காமல் இருப்பார். ஆகவே இருவரும் மருந்து எடுத்து, கடைசியாக எடுத்தவருக்கு ஏழு நாள் ஆகும்வரை ஆணுறையுடன்கூட உறவு வேண்டாம்.

அவளுக்குச் சோதனை எளிது. பஞ்சுக்குச்சியைத் தானே உள்ளே வைத்துச் சுழற்றி எடுத்துத் தரலாம், எல்லா இடத்திலும் கால் விரித்துப் படுக்கச் சொல்வதில்லை. முடிவுக்குக் காத்திராமல் அன்றைக்கே மருந்து தருவதுதான் முறை, ஏனென்றால் உங்களிடம் நோய் உறுதியாகிவிட்டது.

மீனா_கே எழுதியது:

தம்பி, ஒரு பெண்ணாகச் சொல்கிறேன். யார் யாருக்குக் கொடுத்தது என்ற பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். ‘எனக்குச் சோதனையில் வந்தது, அறிகுறி இல்லாமலும் உனக்கு இருக்கலாம், நானும் உடன் வருகிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். என்னிடம் யாராவது ‘உன்னிடமிருந்து வந்தது’ என்று தொடங்கியிருந்தால் நானும் போயிருக்க மாட்டேன்.

ஈப்போ_ஆசிரியர் எழுதியது:

அமெரிக்காவின் பல மாநிலங்களில், மருத்துவர் துணைவரைப் பார்க்காமலேயே அவருக்கான மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பலாம் என்று சட்டமே இருக்கிறது. வரவே மறுக்கும் ஒருவருக்குப் பாதி மருந்தாவது போய்ச் சேர்வது ஒன்றுமில்லாததை விட நல்லதல்லவா? டிரஸ்ஸர் ஐயாவின் கண்டிப்பு நம் ஊரில் சிலரைச் சிகிச்சையே இல்லாமல் விட்டுவிடும் என்று தோன்றுகிறது.

பழைய_டிரஸ்ஸர் எழுதியது:

ஆசிரியரே, அது அர்த்தமுள்ள வாதம்தான். அங்கேயும் மருத்துவர் எழுதிய முழு அளவு மருந்து, எச்சரிக்கைத் தாளுடன் போகிறது. நோயாளியின் மாத்திரையைப் பாதி பிரிப்பதில்லை. கொனோரியாவுக்கு மாத்திரை ஊசியைவிடத் தாழ்ந்த தேர்வு. ஈப்போவுக்கு ஒரு பேருந்து தூரத்தில் இருப்பவர்களுக்கு நான் நேரில் போவதையே சொல்வேன். உள்தோட்டத்தில் விடுப்புக் கிடைக்காமல் இருப்பவருக்கு என்ன சொல்வது என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபடலாம்.

சிப்புட்_தெற்கு எழுதியது:

மீனா அக்கா சொன்ன மாதிரியே பேசினேன். நேற்று அவளும் வந்து ஊசி போட்டுக்கொண்டாள். அவளுடைய முடிவு இன்னும் வரவில்லை. எனக்குச் சிறுநீர்ச் சோதனையில் கிளமிடியாவும் இருக்கிறது என்று வந்துவிட்டது. மூன்று கேள்விகள் இருக்கின்றன. காலையில் இன்னும் ஒரு சொட்டுத் தெளிவான நீர் வருகிறது, ஏன்? கொனோரியாவை அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றார்கள். என் முதலாளிக்குத் தெரிய வருமா? இவளுக்கு முன், ஒரு மாதத்துக்குச் சற்று முன்பு, வேறொரு பெண்ணுடன் ஒருமுறை தொடர்பு இருந்தது. அதை இங்கே முதலில் எழுதவில்லை.

பழைய_டிரஸ்ஸர் எழுதியது:

நல்ல வேளை எழுதினீர்கள். அறிகுறி தொடங்கியதற்கு முந்தைய 60 நாள்களில் உறவு கொண்ட அனைவருக்கும் சொல்ல வேண்டும் என்பது வழக்கமான அளவு. கிளமிடியாவுக்குச் சில நாடுகளில் இன்னும் நெடுங்காலம் பின்னோக்கிப் பார்க்கிறார்கள். ஆகவே அந்தப் பெண்ணும் சோதனைக்கும் மருந்துக்கும் போக வேண்டும். நேரில் சொல்ல முடியாவிட்டால் கிளினிக்கிலேயே கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்லாமல் அழைக்க முடியுமா என்று சொல்வார்கள்.

அறிவிப்பைப் பற்றி: கொனோரியா, சிபிலிஸ், எச்.ஐ.வி. ஆகியவை 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி மருத்துவர் சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டியவை. அந்தத் தகவல் ஆலை அலுவலகத்துக்குப் போவதல்ல. எம்.சி. தாளில் நோயின் பெயர் வேண்டாம் என்று மருத்துவரிடம் நேரடியாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலைச் சொட்டைப் பற்றி: மருந்து முடியும்வரை பொறுங்கள், அழற்சி ஆறச் சில நாள் பிடிக்கும். தினமும் அழுத்திப் பிழிந்து பார்க்காதீர்கள், அந்தப் பிழிதலே நீரை வரவழைக்கும். டாக்சிசைக்ளினை நிறையத் தண்ணீருடன் நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்குங்கள், விழுங்கியவுடன் படுத்தால் உணவுக்குழாயில் புண் வரும். இரும்புச்சத்து மாத்திரையையும் வயிற்றெரிச்சல் மருந்தையும் அதே வேளையில் எடுக்காதீர்கள். வெயிலில் தோல் எளிதில் கருகும், பனைக்காட்டு வேலையிருந்தால் முழுக்கைச் சட்டை போடுங்கள்.

இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகும் எரிச்சலோ நீரோ நின்றிருக்காவிட்டால் திரும்பப் போங்கள். மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற கிருமியும் டிரைக்கோமோனாஸும் அப்போது கணக்கில் வரும். முதல் கிருமிக்கான சோதனை எல்லாக் கிளினிக்கிலும் கிடைக்காது, மாநில மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குக் கடிதம் கேட்க வேண்டியிருக்கும். குணமானதா என்று பார்க்க அவசரப்பட்டு அடுத்த வாரமே பி.சி.ஆர். எடுக்காதீர்கள், செத்த கிருமியின் எச்சத்தையும் அது பிடித்துக் காட்டும், குறைந்தது மூன்று வாரமாவது விட வேண்டும். அதற்கு அப்பால், மீண்டும் தொற்றியதா என்று பார்க்க மூன்று மாதத்தில் இருவரும் ஒருமுறை சோதியுங்கள். எச்.ஐ.வி. இரத்தத்தை உறவு நடந்த ஆறு வாரத்துக்குப் பிறகும், சிபிலிஸுக்கு மூன்று மாதத்திலும் திரும்ப எடுங்கள், ஏனெனில் முதல் முடிவு மிக முன்கூட்டியே எடுத்தது.

வடக்கு_நெடுஞ்சாலை எழுதியது:

அந்தப் பஞ்சுக்குச்சி எவ்வளவு ஆழம் போகும்? உண்மையைச் சொல்லுங்கள், இதைக் கேட்டுத்தான் எங்கள் ஆட்கள் ஓடுகிறார்கள்.

பழைய_டிரஸ்ஸர் எழுதியது:

சீழ் வெளியே நிற்கும்போது நுனியில் தொட்டாலே போதும், உள்ளே நுழைக்க வேண்டியதில்லை. சீழ் இல்லாவிட்டால் ஓரிரு சென்டிமீட்டர் போகும், சில வினாடி கடுக்கும். அதுவும் வேண்டாம் என்றால் முதல் சிறுநீர் கொடுத்தாலே கிளமிடியாவும் கொனோரியாவும் தெரிந்துவிடும். உங்கள் ஆட்களிடம் அதையே சொல்லுங்கள், கிண்ணத்தை நிரப்ப வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.